சிரட்டை விளக்கும் பனையோலைத் தொங்குவிளக்கும்: எரியும் பல்பு படத்தை வெளுக்கடிக்காமல் எடுத்த ஒரு நிகழ்வு ஆய்வு

மார்த்தாண்டத்துக்கு அருகில் வீட்டின் மாடியிலேயே இயங்கும் ஒரு கைவினைப் பட்டறை, இரண்டு விளக்குகளுக்கான விற்பனைப் படங்களை எடுத்துத் தருமாறு கேட்டிருந்தது. ஒன்று மேசை விளக்கு. இழைத்து மெருகேற்றிய தேங்காய்ச் சிரட்டையில் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் துளைகளைப் பூ வடிவில் இட்டு, உள்ளே ஒற்றைச் சிப் கொண்ட 1 வாட் எல்இடியைப் பொருத்தி, அயினி மரத்தில் கடைந்த அடிக்கட்டையின் மேல் நிறுத்தியிருந்தார்கள். அதை எரித்தால் அருகிலுள்ள சுவரில் துளைகளின் வடிவம் ஒளிப்புள்ளிகளாகப் படரும். அதை வாங்குபவர் காசு கொடுப்பது பெரும்பாலும் அந்தச் சுவருக்காகத்தான். மற்றொன்று பனங்குருத்தோலையில் முடைந்த, சுமார் 30 சென்டிமீட்டர் அகலமுள்ள தொங்குவிளக்கு. ஓலை வழியே ஒளி கசியும்போது முடைச்சலின் ஒவ்வொரு குறுக்கிழையும் தனித்தனியாகத் தெரியும்.

பட்டறையை நடத்தும் அக்கா தம் தேவையை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்: "வெளக்கு எரியணும் தம்பி, ஆனா செரட்டையில நாங்க போட்ட எழைப்பும் தெரியணும், ஓலையில கண்ணும் தெரியணும்." அவர்கள் கைபேசியில் எடுத்து வைத்திருந்த படங்களில் இந்த இரண்டும் ஒன்றாக வந்ததில்லை. விளக்கு எரியும் படங்களில் ஓலைக் குடை முடைச்சலே இல்லாத மஞ்சள் கலந்த வெள்ளைத் திட்டாக இருந்தது. வெளிச்சத்தைக் குறைத்து எடுத்த படங்களில் பல்பு மட்டும் தெரிய, மரமும் சிரட்டையும் இருட்டில் மறைந்தன.

இது கைபேசியின் குறைபாடு அன்று; நல்ல கேமராவிலும் இதுவே நடக்கும். எரியும் பல்பின் மேற்பரப்புக்கும் அதன் வெளிச்சம் தொட்டுக்கொண்டு நிற்கும் மரத்துக்கும் இடையிலான பிரகாச வேறுபாடு ஆயிரம் மடங்கையும் தாண்டக்கூடியது. இதைத் திருத்து மென்பொருளில் சரிசெய்துவிடலாம் என்று எண்ணிப் படம் எடுப்பவர்கள் பலர். என் அனுபவத்தில், பொத்தானை அழுத்தும் முன்பே காட்சிக்குள் அந்த வேறுபாட்டைச் சுருக்கிவிட வேண்டும். மென்பொருளுக்கு எஞ்சும் வேலை மிகச் சிறியதாக இருந்தால்தான் விளக்கு உண்மையில் எரிவதுபோல் தோன்றும்.

முதல் முடிவு பல்பைப் பற்றியது

தொங்குவிளக்கில் பட்டறையினர் மாட்டியிருந்தது தெளிந்த கண்ணாடியில் ஒளியிழைகள் வெளியே தெரியும் 4 வாட் எல்இடி பல்பு. இத்தகைய பல்பு ஏறத்தாழ 400 லூமன் ஒளி தரும். அந்த 400 லூமனும் நான்கு மெல்லிய இழைகளிலிருந்து மட்டுமே வருகிறது. கேமராவின் பக்கமிருந்து பார்த்தால் அவற்றின் பரப்பு எல்லாம் சேர்ந்து மூன்று சதுர சென்டிமீட்டர் அளவுதான். அதே 400 லூமனை 95 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள பால்வெள்ளைக் குமிழ் பல்பு தரும்போது, ஒளி ஏறத்தாழ 70 சதுர சென்டிமீட்டர் வட்டத்தில் பரவித் தெரிகிறது. ஓலைக்குக் கிடைக்கும் வெளிச்சம் ஒன்றே. ஆனால் கேமராவின் கண்ணில் படும் பல்பின் பிரகாசம் இருபது மடங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது. ஒளிப்படக் கணக்கில் ஒவ்வொரு இருமடங்கும் ஒரு ஸ்டாப் என்பதால், பல்பை மாற்றியதிலேயே நான்கு ஸ்டாப்புக்கும் மேல் கையில் வந்துவிட்டது. எந்த மென்பொருளும் இவ்வளவு தூய்மையாக இதைத் தராது.

பல்பை மாற்றுவது வாங்குபவரை ஏமாற்றுவதாகுமா என்று அக்கா கேட்டார். அந்தத் தொங்குவிளக்கு பல்பு இல்லாமலே விற்கப்படுகிறது. பால்வெள்ளைப் பல்பு எந்தக் கடையிலும் கிடைக்கும். அதை மாட்டினால் விளக்கு எப்படித் தோன்றுமோ அப்படியேதான் படத்திலும் தோன்றும். எனவே மாற்றினோம், விற்பனைக் குறிப்பில் "படத்தில் உள்ளது பால்வெள்ளைக் குமிழ் பல்பு" என்ற வரியையும் சேர்க்கச் சொன்னேன். தெளிந்த கண்ணாடிப் பல்பையும் சேர்த்து விற்கும் விளக்காக இருந்திருந்தால் இந்த வழியை எடுத்திருக்க மாட்டேன்.

பழைய டங்ஸ்டன் குண்டு பல்பை மாட்டி, ரெகுலேட்டரால் மங்கலாக்கலாமே என்ற யோசனையும் வந்தது. ஓலைக் குடைக்குள் சூடேறும் பல்பை நெடுநேரம் எரியவிடுவது ஆபத்து. மங்கலாக்கும்போது அதன் நிறமும் மேலும் சிவந்துகொண்டே போகும். எல்இடி பல்பை, அதற்கென்று செய்யப்படாத ரெகுலேட்டரில் இணைத்தால் சிமிட்டத் தொடங்கிவிடும். ஆகவே இரண்டையும் ஒதுக்கிவிட்டோம்.

சிரட்டை விளக்குக்கு இதே விதி பொருந்தாது. இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுதான். அதற்குள்ளும் பால்வெள்ளைப் பல்பை வைத்தால் துளைகள் கண்ணுக்கு இதமாகத் தெரியும். சுவரில் மட்டும் ஒன்றுமே இருக்காது. ஒவ்வொரு துளையும் ஊசித்துளைக் கேமராவைப் போல வேலை செய்து, உள்ளிருக்கும் ஒளிமூலத்தின் உருவத்தையே சுவரில் வீசுகிறது. மூலம் பெரிய உருண்டையானால் ஒவ்வொரு துளையும் ஒரு பெரிய மங்கல் வட்டத்தை வீச, அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பூ வடிவம் கலைந்துபோகும். நீண்ட இழைகள் கொண்ட பல்பானால் புள்ளிகளுக்குப் பதில் கோடுகள் விழும். மூலம் ஓரிரு மில்லிமீட்டர் சிப்பாக இருந்தால் மட்டுமே புள்ளி புள்ளியாகவே விழுகிறது. பட்டறையினர் நெடுநாள் செய்துபார்த்து ஒற்றைச் சிப்பில் வந்து நின்றதற்குக் காரணம் இதுவே. ஆகவே மேசை விளக்கில் அவர்கள் பொருத்திய ஒளியையே வைத்துக்கொண்டு, அதன் கடுமையை வேறு வழியில் சமாளிக்க வேண்டியிருந்தது.

பல்புக்கு ஷட்டர், உடலுக்கு ஃபிளாஷ்

ஃபிளாஷின் ஒளி ஆயிரத்தில் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் பாய்ந்து முடிந்துவிடும். ஷட்டர் பத்தில் ஒரு நொடி திறந்திருந்தாலும் நூறில் ஒரு நொடி திறந்திருந்தாலும், கேமராவின் ஒத்திசைவு வேகத்துக்குள் இருக்கும்வரை, ஃபிளாஷால் விழும் ஒளி மாறுவதில்லை. அந்த வேகம் பல கேமராக்களில் 1/200 நொடியை ஒட்டி இருக்கும். எரியும் பல்போ ஷட்டர் திறந்திருக்கும் நேரம் முழுவதும் ஒளியைக் கொட்டிக்கொண்டே இருக்கிறது. எனவே அபெர்ச்சரையும் ஐஎஸ்ஓவையும் அசைக்காமல் வைத்துவிட்டால், ஷட்டர் வேகம் பல்பை மட்டும் கூட்டிக் குறைக்கும் திருகாகவும், ஃபிளாஷின் வலு விளக்கின் உடலை மட்டும் கூட்டிக் குறைக்கும் திருகாகவும் பிரிந்துவிடுகின்றன. இந்த இரண்டையும் தனித்தனியாகத் திருகத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

வரிசையும் முக்கியம். முதலில் சன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடி, அறையை இருட்டாக்கி, ஃபிளாஷை அணைத்துவிட்டு, விளக்கை மட்டும் எரித்து எடுக்க வேண்டும். ஐஎஸ்ஓ 100, அபெர்ச்சர் எஃப்8 என்று நிறுத்தினேன். இரண்டு மீட்டர் தூரத்தில் 70 மில்லிமீட்டர் லென்சுக்கு அந்த அபெர்ச்சரில் குடையின் முன்விளிம்பும் பின்விளிம்பும் தெளிவாக இருக்கும். தொங்குவிளக்கில் ஷட்டரை மாற்றிப் பார்த்தபோது 1/10 நொடியில் ஓலைக் குடை நடுச்சாம்பலைவிட ஒன்றேகால் ஸ்டாப் அளவு பிரகாசமாக, ஒவ்வொரு கண்ணும் தெரியும்படி அமைந்தது. 1/4 நொடியில் குடை இன்னும் அழகாக ஒளிர்வதுபோல் கேமராத் திரையில் தோன்றினாலும், உண்மையில் அங்கேதான் முடைச்சல் கரையத் தொடங்கியிருந்தது.

அதைக் கண்டுபிடிக்க மொத்தப் பிரகாசத்தைக் காட்டும் ஹிஸ்டோகிராம் போதாது. மஞ்சள் ஒளியில் சிவப்புச் சானல்தான் முதலில் உச்சியைத் தொடும். பச்சை இன்னும் மேலேறிக்கொண்டிருக்கும். சிவப்பு நின்றுவிட்ட பிறகு பச்சை மட்டும் ஏறினால் ஆரஞ்சு நிறம் எலுமிச்சை மஞ்சளாகத் திரியும். ஓலைக் குடையின் நடுப்பகுதி ஓரங்களைவிட எலுமிச்சை நிறமாகத் தெரிந்தால், அது ஓலையின் நிறமன்று. வெளுத்துப்போதலின் முதல் அடையாளம். ஆகவே மூன்று வண்ணங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமை வைத்து, சிவப்பு வலது சுவரை முட்டாத இடத்தில் ஷட்டரை நிறுத்த வேண்டும். கேமரா காட்டும் ஹிஸ்டோகிராம் ஜேபெக் படத்திலிருந்து கணக்கிடப்படுவது; ரா கோப்பில் சற்றுக் கூடுதல் இடம் இருக்கும். அந்த மிச்சத்தை நான் செலவழிக்காமல் காப்பாக வைத்துக்கொள்கிறேன்.

பல்பின் அளவு நிலைத்த பிறகுதான் ஃபிளாஷ். குடையின் வெளிப்புறத்துக்கும் மேலே இருக்கும் மரக் குமிழுக்கும் மென்மையான ஒளி தேவைப்பட்டது. இரண்டாக மடித்த வெள்ளை வேட்டியைச் சட்டத்தில் கட்டி, அதற்குப் பின்னாலிருந்து ஃபிளாஷைப் பக்கவாட்டில் அடித்தோம். அதன் வலு எவ்வளவு என்பதற்கு என் அளவுகோல் இது: விளக்கின் எரியாத பகுதி, எரியும் குடையைவிட ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் கீழே இருக்க வேண்டும். வேறுபாடு ஒரு ஸ்டாப்பாகச் சுருங்கினால் பகலில் எரியும் தெருவிளக்கைப் போலத் தோன்றும். எரிகிறதா இல்லையா என்றே சந்தேகம் வரும். மூன்று ஸ்டாப்பைத் தாண்டினால் மரம் மீண்டும் இருட்டுக்குள் போய்விடும்.

ஃபிளாஷின் நிறத்தையும் இங்கேயே தீர்த்துவிட வேண்டும். ஃபிளாஷ் ஏறத்தாழ 5500 கெல்வின், பல்பு 2700. கேமராவை 5500-இல் வைத்தால் மரம் சரியான நிறத்தில் வரும். குடையோ செங்கல் நிறமாகி, சிவப்புச் சானல் வெகு சீக்கிரம் முட்டிக்கொள்ளும். 2700-இல் வைத்தால் குடை வெறும் வெள்ளையாகி, ஃபிளாஷ் பட்ட இடமெல்லாம் நீலம் பூக்கும். ஃபிளாஷின் முகப்பில் அரை அளவு ஆரஞ்சு ஜெல் தாளை ஒட்டினால் அதன் ஒளி நாலாயிரம் கெல்வினுக்குச் சற்றுக் கீழே இறங்கும். கேமராவை 4000-இல் கையால் நிலைநிறுத்தினோம். மரம் மரமாகவே இருக்க, குடை இதமான மஞ்சளில் நின்றது. முழு அளவு ஜெல்லை ஒட்டியிருந்தால் இரண்டும் ஒரே நிறமாகி, விளக்கின் வெதுவெதுப்பே போயிருக்கும்.

தொங்குவிளக்கின் அசைவு

எடுத்தது தென்மேற்குப் பருவக்காற்றின் காலம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பாயும் அளவுக்கு மார்த்தாண்டத்தில் காற்று வலுவாக இல்லாவிட்டாலும், மாடி அறைச் சன்னலை மூடிய பிறகும் ஓலைக் குடை கண்ணுக்குத் தெரியாத அளவில் ஆடிக்கொண்டிருந்தது. 1/10 நொடிக்கு அது போதும். இந்தக் கோளாறு சாதாரண அசைவுபோல் தெரியாது என்பதால் அதன் முகத்தைச் சொல்லிவிடுகிறேன். ஃபிளாஷ் நொடியின் சிறு துணுக்கில் ஓலையை உறையவைத்துவிடுவதால் முடைச்சல் கூர்மையாகவே இருக்கும். உள்ளிருந்து வரும் ஒளி மட்டும் ஷட்டர் திறந்திருந்த நேரம் முழுவதும் பதிவாவதால், குடையின் ஒரு பக்க விளிம்பில் மெல்லிய மஞ்சள் நிழல் ஒன்று இரட்டையாகப் படிந்திருக்கும். சிறிய திரையில் அது ஒளிர்வின் பரவலைப் போலவே தோன்றும். முழு அளவுக்குப் பெரிதாக்கி விளிம்பைப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒப்பிட வேண்டும்: உண்மையான பரவல் இரு பக்கமும் சமமாக இருக்கும், அசைவு ஒரு பக்கம் சாயும்.

மின்விசிறியை நிறுத்தி, தூண்டிலுக்குப் பயன்படும் மெல்லிய நைலான் நரம்பால் குடையின் பின்விளிம்பை இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டினோம். கேமராவுக்குத் தெரியாத பக்கம் என்பதால் பின்னர் அழிக்கவேண்டிய அவசியமும் எழவில்லை.

கேமராவின் உயரத்தையும் பல மாதிரி வைத்துப் பார்த்தோம். குடையின் கீழ்விளிம்புக்கு நேர்மட்டத்தில் வைத்தால் பல்பு முழுவதும் மறைந்துவிடுகிறது. வெளுக்கும் சிக்கலே இல்லை. ஆனால் தொங்குவிளக்கை மக்கள் பெரும்பாலும் சற்றுக் கீழிருந்தே பார்க்கிறார்கள். அந்தக் கோணத்தில்தான் குடையின் உட்புறம் பொன்னாக ஒளிர்வதும் தெரிகிறது. ஆகவே விளிம்புக்குச் சற்றுக் கீழே இறங்கி, குமிழின் அடிப்பகுதி பிறை அளவுக்குத் தெரியும்படி நின்றோம். 1/10 நொடியில் அந்தப் பிறை வெளுத்துத்தான் வரும். அதற்காக ஃபிளாஷை அணைத்து, வேறெதையும் தொடாமல், தொலைப்பொத்தானால் 1/100 நொடியில் இன்னொரு படம் எடுத்துக்கொண்டோம். பல்பு மூன்று ஸ்டாப்புக்கு மேல் இறங்கி, பால்வெள்ளைக் கண்ணாடியின் உருண்டை வடிவம் தெரிந்தது.

1/100 என்று எடுத்ததற்குக் காரணம் உண்டு. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. பல்பின் ஒளி நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். மலிவான எல்இடி பல்புகளில் இந்த ஏற்ற இறக்கம் அதிகம். 1/100 நொடி என்பது சரியாக ஓர் ஏற்ற இறக்கம். 1/10 என்பது பத்து. எப்போது பொத்தானை அழுத்தினாலும் ஒரே அளவு ஒளி கிடைக்கும். 1/160 என்று வைத்தால் ஒரு படம் பிரகாசமாகவும் அடுத்தது மங்கலாகவும் வரக்கூடும். சந்தேகம் இருந்தால் அதே வேகத்தில் ஐந்தாறு படங்களைத் தொடர்ந்து எடுத்து, குடையின் ஒரே இடத்தை ஒப்பிட்டால் போதும்.

சிரட்டையும் சுவரும்

மேசை விளக்கில் சிக்கல் வேறு வடிவில் வந்தது. துளைகளில் பெரும்பாலானவை வழியே சிரட்டையின் ஒளி விழுந்த உட்புறம்தான் தெரியும். அது 1/15 நொடியில் நல்ல தேன் நிறத்தில் பதிந்தது. ஆனால் ஏதாவதொரு துளை, கேமராவையும் சிப்பையும் இணைக்கும் நேர்கோட்டில் அமைந்துவிட்டால், அந்த ஒரு துளையிலிருந்து நட்சத்திரம்போல் ஒளிக்கற்றைகள் சிதறி, அதன் எதிர்மூலையில் ஒரு சிறு பச்சைப் பொட்டும் விழுகிறது. இதை எந்த எக்ஸ்போஷராலும் அடக்க முடியாது, ஏனென்றால் லென்சுக்குள் ஏற்கெனவே சிதறிய ஒளி மற்ற பகுதிகளின் மேலும் படிந்துவிட்டது. தீர்வு மிக எளியது. கேமரா வழியே பார்த்துக்கொண்டே சிரட்டையை அடிக்கட்டையின் மேல் சில பாகை திருப்பினால் அந்தத் துளை கோட்டிலிருந்து விலகிவிடும். பூ வடிவத்தின் நடுத்துளை சரியாக முன்னால் இருக்க வேண்டும் என்று அக்கா விரும்பினார். இரண்டையும் எடுத்துக் காட்டியபோது அவரே திருப்பியதைத் தேர்ந்தெடுத்தார்.

லென்சின் முகப்பில் காப்புக்காக மாட்டியிருக்கும் யூவி கண்ணாடியை இந்த வகைப் படங்களுக்குக் கழற்றிவிட வேண்டும். பல்பின் பிம்பம் அந்தத் தட்டைக் கண்ணாடியில் பட்டுத் திரும்பி, தலைகீழாக இன்னொரு பல்பாகப் படத்தில் தோன்றும். நம் மாவட்டத்துக்கே உரிய இன்னொரு தொல்லையும் உண்டு. ஏசி வண்டியிலிருந்து இறக்கிய கேமராவை மழைக்கால ஈரக்காற்றில் உடனே திறந்தால் லென்சில் பனிபோல் நீர் படியும். குளச்சல், முட்டம் பக்கம் கடற்கரையில் படமெடுத்துவிட்டு வந்த லென்சில் உப்புப் படலம் இருக்கும். இரண்டும் பல்பைச் சுற்றி மென்மையான வளையம் ஒன்றை உண்டாக்கும். அது அழகாகத் தோன்றுவதால் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் அந்த வளையம் சிரட்டையின் கறுப்பைச் சாம்பலாக்கி, இழைப்பின் பளபளப்பைக் கொன்றுவிடும். கேமராவைப் பையோடு அரைமணி நேரம் அறையில் வைத்திருந்து, லென்சைத் துடைத்த பிறகே தொடங்கினோம்.

இழைத்த சிரட்டை கறுப்புக் கண்ணாடியைப் போன்றது. அதில் தெரிவது ஒளியன்று, ஒளியை விடும் பொருளின் பிம்பம். வேட்டித் திரையை ஒடுங்கிய நீள்பட்டையாக மடித்துப் பக்கத்தில் நிறுத்தியபோது, சிரட்டையின் ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய வெண்கோடு ஓடி, அதன் உருண்டையும் இழைப்பும் ஒருசேரத் தெரிந்தன. கை பட்ட இடமெல்லாம் விரல்ரேகை தெரியும் என்பதால், திருப்பும்போது துணியால் பிடித்தே திருப்ப வேண்டும்.

இப்போது சுவர். விளக்கிலிருந்து ஒரு முழத்துக்கும் குறைவான தூரத்தில் வெளிர்சாம்பல் சுவர் இருந்தது. ஃபிளாஷ் சிரட்டைக்கு அடித்தாலும் அதன் ஒரு பங்கு சுவரில் சிந்தி, ஒளிப்புள்ளிகளைக் கழுவிவிடும். கறுப்புத் துணியால் மறைத்துச் சிந்தலைக் குறைத்தோமே தவிர, இவ்வளவு நெருக்கத்தில் முழுவதும் நிறுத்த முடியவில்லை. ஆகவே சுவருக்கென்று ஃபிளாஷ் இல்லாமல், விளக்கை மட்டும் எரித்து 1/2 நொடியில் தனிப்படம் எடுத்தோம். அதில் துளைகள் வெளுத்துப்போயிருக்கும். கவலையில்லை, அதிலிருந்து நமக்கு வேண்டியது சுவர் மட்டுமே.

சேர்க்கும்போது

தொங்குவிளக்குக்கு இரண்டு படங்கள், மேசை விளக்குக்கு இரண்டு. முக்காலி அசையாததால் அவை ஒன்றன்மேல் ஒன்று துல்லியமாகப் பொருந்தின. ரா கோப்புகளைத் திறக்கும்போது எல்லாவற்றுக்கும் ஒரே 4000 கெல்வினைக் கொடுக்க வேண்டும். மென்பொருளைத் தானாகத் தீர்மானிக்க விட்டால் ஒவ்வொன்றும் ஒரு நிறத்தில் வந்து, சேர்ப்பு தையல்போட்டது போலத் தெரியும்.

தொங்குவிளக்கில் 1/100 நொடிப் படத்தை மேலே வைத்து, முகமூடியை முழுக் கறுப்பாக்கி, பல்பின் பிறையில் மட்டும் மென்மையான தூரிகையால் வெள்ளை பூசினேன். இங்கே ஒரு சறுக்கல் காத்திருக்கிறது: முழு வலுவில் பூசினால் பல்பு குடையைவிட மங்கலாகி, சாம்பல் பூசிய பந்துபோல் ஆகிவிடும். விளக்கில் மிகப் பிரகாசமான பொருள் பல்புதான் என்பது கண்ணுக்குத் தெரியும். அந்த வரிசை தலைகீழானால் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் பார்ப்பவர் படத்தை நம்பமாட்டார். அறுபது விழுக்காடு வலுவில் நிறுத்தினேன். குமிழின் ஓரம் வளைந்து தெரிகிறது. நடுவில் சிறு பகுதி இன்னும் வெண்மையாகவே இருக்கிறது. அது அப்படி இருப்பதே சரி என்பது என் முடிவு.

மேசை விளக்கில் சுவர்ப் படத்தைச் சேர்க்க `Lighten` முறையை முதலில் பரிந்துரைப்பவர்கள் உண்டு. இரண்டு படங்களில் எது பிரகாசமோ அதை எடுத்துக்கொள்ளும் அந்த முறை பல இடங்களில் நன்றாக உதவும். ஆனால் ஃபிளாஷ் சிந்திய சுவர் அடியில் இருக்கும்போது, அதைவிட மங்கலான புள்ளிகளெல்லாம் மூழ்கிவிடும். மேலும் 1/2 நொடிப் படத்தில் வெளுத்துப்போன துளைகள் நல்ல துளைகளின் மேல் ஏறிக்கொள்ளும். ஆகவே சாதாரண `Normal` முறையிலேயே, சிரட்டையின் வெளிவிளிம்பை ஒட்டி முகமூடி வரைந்து, சுவர் முழுவதையும் ஃபிளாஷ் இல்லாத படத்திலிருந்து எடுத்தேன். பிறகு அந்த அடுக்கின் அடர்த்தியை எண்பது விழுக்காட்டுக்குக் குறைத்தேன். கீழே உள்ள ஃபிளாஷ் சுவர் சற்றுக் கசிந்ததும், கறுப்பில் மிதந்த விளக்குக்கு ஓர் அறை கிடைத்தது.

இறுதிச் சோதனை பட்டறையிலேயே நடந்தது. மாலையில் அறை விளக்குகளைக் குறைத்து, சிரட்டை விளக்கை எரித்து, அதன் பக்கத்தில் கைபேசியில் படத்தைப் பிடித்துப் பார்த்தோம். சுவரில் ஓரப் புள்ளிகள் உண்மையைவிடப் படத்தில் பளிச்சென்று இருப்பதாக அக்கா சொன்னார், சொன்னது சரிதான். விற்பனைப் படத்தில் அந்த அளவு மிகை, வீட்டில் வந்து எரித்துப் பார்ப்பவருக்கு ஏமாற்றமாகிவிடும் என்பதால் ஓரங்களை அரை ஸ்டாப் இறக்கினேன்.

விற்பனைத் தளங்கள் கேட்கும் தூய வெள்ளைப் பின்னணிப் படத்துக்கு மட்டும் இந்த முறை அவ்வளவாக உதவவில்லை. பின்னணியே உச்ச வெள்ளையாக இருக்கும்போது குடை அதைவிடப் பிரகாசமாக இருக்க இடமே இல்லை. எரிகிறது என்பதை நிறத்தாலும், குடைக்குள் கீழிருந்து மேலாகக் குறையும் ஒளிச்சரிவாலும் மட்டுமே உணர்த்த முடியும். தொங்குவிளக்குக்கு அப்படி ஒன்று செய்துகொடுத்தோம். சிரட்டை விளக்குக்கு அணைத்த நிலையிலேயே வெள்ளைப் பின்னணிப் படம் எடுத்து, எரியும் படத்தை இரண்டாவதாக வைத்தோம்.

இதே பட்டறை அடுத்து, குடையே இல்லாமல் தெளிந்த கண்ணாடிப் பல்பு வெளியே தொங்கும் சணல் கயிற்று விளக்கைப் படமெடுக்கக் கேட்டிருக்கிறது. அதில் பல்பை மாற்ற வழியில்லை, ஏனெனில் ஒளியிழைகளே அதன் அழகு. மேலே சொன்ன ஓலைக் குடையோடு ஒப்பிட்டால் அந்த இழைகள் ஒன்பது ஸ்டாப் அளவு பிரகாசமானவை. அதே அபெர்ச்சரில் அவற்றின் வடிவம் தெரிய 1/3200 நொடியை ஒட்டிய வேகம் வேண்டும், அந்த வேகத்தில் மின்சாரத்தின் ஏற்ற இறக்கம் குறுக்கே வரும். ஷட்டரை 1/50-இல் நிறுத்திவிட்டு, ஆறு ஸ்டாப் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியை லென்சில் மாட்டி இழைகளுக்கு மட்டும் ஒரு படம் எடுப்பதாகத் திட்டம். கண்ணாடியை மாட்டும்போது கேமரா ஒரு மயிரிழை அசைந்தாலும் படங்கள் பொருந்தாது. ஆகவே திருகி மாட்டும் வகையை விட்டு, காந்தத்தால் ஒட்டும் வகையை வாங்கி வைத்திருக்கிறேன்.